வெள்ளிக்கிழமை நான்கு முறை

கொட்டாஞ்சேனையில், பொன்னம்பலவாணேசுவரர் கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில், மாடி வீடொன்றில் ஒரு ரீச்சர் இருக்கிறார். பள்ளிக்கூடத்தை விட்டுப் பல வருடம். ஆறுமுக நாவலரின் முதற் பிரசங்கத்தைப் பற்றி ஒரு மலருக்குக் கட்டுரை எழுதியிருந்தார். அதை வாசித்த யாரோ, இதையே வெள்ளவத்தைக்கு வந்து கொழும்புத் தமிழ்ச் சங்கத்தில் பேசுங்கோ என்று கேட்டுவிட்டார்கள். இருபத்தைந்து நிமிடம் தருவதாகப் பேச்சு. மலருக்கான கட்டுரையைத் தட்டச்சு செய்து கொடுத்தவன் நான் என்பதால் அதன் காற்புள்ளிகள்கூட எனக்குப் பழக்கம். பேச்சு முடிந்து ஒரு கிழமைக்குப் பிறகு, பேசுவதற்கென்று கையால் எழுதிய தாள்களையும் ரீச்சர் என்னிடம் தந்தார். இரண்டையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்து இரண்டு இரவு பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே விஷயம், ஒரே ஆள். ஆனால் முதலாவது கண்ணுக்கும் இரண்டாவது காதுக்கும் எழுதப்பட்டிருந்தன.

ரீச்சர் முதலில் வெட்டியது தன் கட்டுரையிலேயே மிகவும் அழகான வசனத்தை. அந்த மலரில் இப்படி இருக்கிறது:

"பேர்சிவல் பாதிரியாரிடம் கற்றும் அவரிடமே கற்பித்தும், அவரது விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றும், மிஷனரிமார் தம் ஆலயத்தில் நிகழ்த்திய பிரசங்கத்தின் முறைமையை அருகிருந்து கண்டு, அம்முறைமையைச் சைவத்துக்கும் உரியதாக்கக் கருதிய நாவலர், 1847ஆம் ஆண்டு மார்கழி மாதம் 31ஆம் திகதி வெள்ளிக்கிழமை மாலை வண்ணார்பண்ணைச் சிவன் கோயில் வசந்த மண்டபத்தில் தமது முதற் பிரசங்கத்தை நிகழ்த்தினார்."

முப்பத்தொன்பது சொல். தாளில் இது தேர் அசைந்து வருவதுபோல வருகிறது. யார் செய்தார் என்பது இருபத்திரண்டாவது சொல்லில் தெரிகிறது. என்ன செய்தார் என்பது கடைசிச் சொல்லில். வாசிக்கிறவருக்கு இது சுமையே இல்லை. "கருதிய" என்ற இடத்தில் வழி தவறினால் கண் ஒரு வரி மேலே போய்த் திரும்பி வரும். அப்படிப் போய் வந்ததே அவருக்குத் தெரியாது. மண்டபத்தில் கதிரையில் இருப்பவருக்கு மேலே போக வரி ஏது? கற்றும், கற்பித்தும், துணைநின்றும், கண்டு என்று ஒவ்வொரு எச்சத்தையும் கையில் ஏந்திக்கொண்டு, இதெல்லாம் யாருடைய செயல் என்று தெரியாமல், அவர் இருபத்திரண்டு சொல் தூரம் நடக்க வேண்டும். வினை கடைசியில் வருவது தமிழின் இயல்பு. அதனாலேயே தமிழில் கேட்பவரின் காத்திருப்பு நீளமானது. நடுவில் ஒருவர் இருமினால் போதும், ஏந்தியது எல்லாம் கீழே விழுந்துவிடும்.

பேச்சுத் தாளில் அந்த இடம் இப்படி இருக்கிறது:

"அன்று வெள்ளிக்கிழமை. பொழுதுபடுகிற நேரம். வண்ணார்பண்ணைச் சிவன் கோயில். வசந்த மண்டபத்தில் ஒருவர் பேச எழும்பி நிற்கிறார். வயது இருபத்தைந்து. இருபத்தைந்து முடிந்து இரண்டு கிழமைகூட ஆகவில்லை. பெயர் ஆறுமுகம். நாவலர் என்ற பட்டம் இன்னும் வரவில்லை. அது வர இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. 1847ஆம் வருடம். அந்த வருடத்தின் கடைசி நாள்."

நீள வசனத்தைக் கத்தரிக்கோலால் வெட்டிப் போட்டதுபோலத் தெரியும். அப்படி இல்லை. வெட்டியிருந்தால் பேர்சிவல்தான் முதலில் வந்திருப்பார். ரீச்சர் வரிசையையே புரட்டிப் போட்டிருக்கிறார். கட்டுரை காரணத்தில் தொடங்கிச் சம்பவத்தில் முடிகிறது. பேச்சு சம்பவத்தில் தொடங்கி, அதைக் கேட்டவர் மனதில் "இந்தப் பெடியன் எங்கே பேசப் பழகினான்?" என்ற கேள்வி எழும்பிய பிறகுதான் பேர்சிவலைக் கொண்டு வருகிறது. இடம், நேரம், ஆள் என்ற மூன்றும் இருந்தால் காது ஒரு படத்தைக் கட்டிக்கொள்ளும். படம் கட்டிய பிறகு காரணத்தை அதில் தொங்கவிட ஆணி கிடைத்துவிடும்.

இன்னொரு நுணுக்கம் திகதியில் இருக்கிறது. கட்டுரையில் "மார்கழி மாதம் 31ஆம் திகதி" என்று எழுதியிருந்தார். டிசம்பரை மார்கழி என்று எழுதுவது எங்கள் வழக்கம். ஆனால் மண்டபத்தில் திருவெம்பாவைக்குப் போகிறவர்கள் இருப்பார்கள். அவர்களுடைய மார்கழி டிசம்பர் நடுவில்தான் தொடங்கும். "மார்கழி 31" என்று கேட்டதும் சிலர் மனக்கணக்குப் போடத் தொடங்குவார்கள், அதற்குள் பேச்சு இரண்டு வசனம் தாண்டிவிடும். "டிசம்பர் 31" என்று மாற்றியிருக்கலாம். ரீச்சர் அதையும் செய்யவில்லை. "அந்த வருடத்தின் கடைசி நாள்" என்றார். எண் போய்விட்டது, ஆனால் திகதி போகவில்லை. கேட்ட எல்லோருக்கும் அது எந்த நாள் என்று தெரியும். அதோடு, ஒரு வருடம் முடிகிற இடத்தில் ஒரு புது வேலை தொடங்குகிறது என்ற உணர்வு இனாமாகக் கிடைத்துவிட்டது. பட்டம் வந்த ஆண்டு 1849 என்பதையும் இதே மாதிரி "இன்னும் இரண்டு வருடம்" என்று கரைத்துவிட்டார். இருபத்தைந்து நிமிடத்தில் முழு ஆண்டெண்ணாக அவர் சொன்னது இரண்டே இரண்டு: 1847, 1848. அடுத்தடுத்து நிற்பதால் இரண்டும் ஒன்றுபோலவே நினைவில் நிற்கும்.

இனி அந்த வெள்ளிக்கிழமை. கட்டுரையில் அது ஒரே ஒரு முறை, திகதிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறது. பேச்சில் அதுதான் முதல் வசனம். நாவலர் அதன் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் அந்தக் கோயிலில் பிரசங்கம் வைத்தார் என்பதும், அவரும் நல்லூர்க் கார்த்திகேய ஐயரும் மாறி மாறிப் பேசினார்கள் என்பதும் கட்டுரையில் நாலாம் பக்கத்தில் வருகிற செய்தி. ரீச்சர் அதைப் பிடித்துக்கொண்டு வெள்ளிக்கிழமையைப் பேச்சின் முதுகெலும்பாக்கிவிட்டார். முதற்பகுதி "அன்று வெள்ளிக்கிழமை" என்று தொடங்குகிறது. பேர்சிவலின் கதை முடிந்ததும் இரண்டாம் பகுதி: "அடுத்ததும் வெள்ளிக்கிழமை. அன்று பேச எழும்பியவர் ஆறுமுகம் இல்லை. கார்த்திகேய ஐயர்." மூன்றாம் பகுதி: "வெள்ளிக்கிழமைக்குப் பேச்சு. சரி. மற்ற நாட்களுக்கு?" இங்கேதான் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கிய கதை வருகிறது. நாலாவது முறை பேச்சின் கடைசிச் சொல்லாக வருகிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

திரும்பச் சொல்வது என்றால் சொன்னதையே சொல்வது என்று பலர் நினைக்கிறார்கள். மேடைகளில் "மீண்டும் வலியுறுத்திக் கூற விரும்புகிறேன்" என்று தொடங்கி அதே வசனத்தை இன்னும் உரத்த குரலில் சொல்பவர்களை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ரீச்சரின் வெள்ளிக்கிழமை ஒவ்வொரு முறையும் வேறு சுமையோடு வருகிறது. முதலில் அது ஒரு நாள். இரண்டாவதில் ஒரு வழக்கம். மூன்றாவதில் கிழமையின் மற்ற ஆறு நாட்களையும் கேள்விக்குக் கொண்டு வருகிற ஒரு நெம்புகோல். சொல் மாறவில்லை, அதன் வேலை மாறுகிறது. "வெள்ளிக்கிழமை" என்று காதில் விழுந்ததும் புதிய பகுதி தொடங்குகிறது என்று கேட்பவருக்குத் தானாகவே தெரிந்துவிடும். "இனி எனது உரையின் இரண்டாம் பகுதிக்கு வருகிறேன்" என்ற அறிவிப்புப் பலகை தேவைப்படவே இல்லை.

இதை ரீச்சர் எங்கே பிடித்தார் என்று கேட்டேன். சிரித்தார். "புராணப்படிப்பு கேட்டதில்லையோ நீர்? ஒருவர் பாட்டை வாசிப்பார். மற்றவர் பயன் சொல்லுவார். வாசிச்சவர் அந்த அடியைத் திரும்பவும் வாசிப்பார். மூண்டு தரம் காதில விழும். விளங்காமல் எழும்பிப் போக ஏலாது." யாழ்ப்பாணத்துக் கோயில்களில் கந்தபுராணத்தை அப்படித்தான் படித்தார்கள். பாட்டை முன்னால் வைத்து அதற்குப் பயன் சொல்லும் அந்த முறையிலிருந்து விலகி, ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அதைப் பற்றித் தொடர்ந்து பேசும் முறையைப் பாதிரிமாரிடம் கண்டு கோயிலுக்குக் கொண்டுவந்தவர்தான் நாவலர். ரீச்சர் நாவலரைப் பற்றிப் பேச, நாவலருக்கு முந்திய முறையிலிருந்து இந்தத் தந்திரத்தை எடுத்துக்கொண்டார் என்பதை நான் சுட்டிக்காட்டினேன். "அதுக்கென்ன?" என்றார்.

பெயர்களில் அவர் செய்த வேலை இன்னும் மெல்லியது. நல்ல கட்டுரைத் தமிழ் ஒரே பெயரை அடுத்தடுத்துச் சொல்லக் கூசும். மலரில் நாவலர், அப்பெரியார், சைவக்காவலர், அவர், அன்னார் என்று ஐந்து விதமாக வருகிறார். பிரசங்கமும் அப்படித்தான்: ஒரு பந்தியில் பிரசங்கம், அடுத்ததில் சொற்பொழிவு, அதற்கடுத்ததில் உரை. கண்ணுக்கு அது அலங்காரம். காதோ ஒவ்வொரு புதுப்பெயருக்கும் ஒரு புது ஆள் வந்திருக்கிறார் என்று கதவைத் திறக்கும். பேச்சுத் தாளில் பட்டம் வரும்வரை ஆறுமுகம் ஆறுமுகமேதான். பிரசங்கம் பிரசங்கமேதான். பட்டம் வருகிற இடம் வந்ததும் ஒரே ஒரு முறை "இனி இவர் நாவலர்" என்று சொல்லி, அங்கிருந்து நாவலர் என்றே கூப்பிடுகிறார். பெயர் மாறுகிற அந்த ஒரு இடமே ஒரு சம்பவமாகிவிட்டது. கட்டுரையில் ஐந்து பெயர் இருந்தும் இந்த ஒரு திருப்பம் இல்லை.

தாளில் பென்சிலால் வட்டமிட்டு மாற்றிய சில சொற்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. "அச்சமயத்தில் சமயப் பிரசங்கம்" என்று கட்டுரையில் இருந்தது. கண் இரண்டு சமயத்தையும் பிரித்துக்கொள்ளும். காதில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழும். "அப்போது சைவப் பிரசங்கம்" என்று மாற்றியிருந்தார். "மேற்கூறிய" என்பதெல்லாம் "சற்று முன் சொன்னேனே, அந்த" என்று ஆகியிருந்தது. பேச்சுக்கு மேல் கீழ் கிடையாது, முன் பின் மட்டும்தான். "முன்னையது, பின்னையது" என்ற சோடியை முழுவதுமாகத் துடைத்துவிட்டார். எது முன்னையது என்று கேட்பவர் தேடுவதற்குள் பின்னையது முடிந்திருக்கும். வினைகளிலும் ஒரு தெரிவு இருந்தது. வந்தார், நின்றார், கேட்டார்கள், சொன்னார் என்று எழுத்திலும் வாயிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கிற சொற்களையே பெரும்பாலும் எடுத்திருந்தார். "நிகழ்த்தினார்" என்பது ஒரு முறையும் இல்லை. வீட்டுப் பேச்சுக்கும் இறங்கவில்லை. யாழ்ப்பாணத்தார், மட்டக்களப்பார், மலையகத்தார் என்று எல்லோரும் இருக்கும் கொழும்பு மண்டபத்தில் யாருடைய வீட்டுப் பேச்சைப் பேசுவது? எல்லோர் வீட்டுக்கும் பொதுவான முற்றம் போல ஒரு தமிழ் அது.

எல்லாவற்றிலும் நுணுக்கமானது "ஏழு". நாவலரின் வெள்ளிக்கிழமைப் பிரசங்கங்கள் எவை பற்றியவை என்று கட்டுரையில் ஒரு நீண்ட பட்டியல் உண்டு: பிறன்மனை நயத்தல், கள்ளுண்ணல், கொல்லாமை, பெண்களின் ஒழுக்கம், இலிங்க வழிபாடு, தீட்சை, தானம், பசுக்காத்தல், கடவுள் ஒருவரே என்பது. ஒன்பது. அச்சில் ஒன்பதும் அடுக்கி வைத்த பாத்திரம்போல நிற்கின்றன. பேச்சில் நாலாவதைக் கேட்கும்போது முதலாவது போய்விடும். ரீச்சர் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டார். "ஒன்பது பொருள் சொல்கிறார்கள். நான் இரண்டைச் சொல்கிறேன். ஒன்று, குடி. மற்றது, கொலை." கட்டுரைச் சொல்லான கள்ளுண்ணல் குடியாகிவிட்டது, கொல்லாமை அதன் எதிர்ப்பக்கத்துக்குத் திரும்பிக் கொலையாகிவிட்டது. இரண்டும் கு, கொ என்று ஒரே இடத்தில் தொடங்குகின்றன. அடுத்த வசனத்தை முதலில் "மற்ற ஏழையும் மலரில் பாருங்கள்" என்று எழுதியிருந்தார். அதை அடித்து "மிச்சத்தை மலரில் பாருங்கள்" என்று மாற்றியிருக்கிறார். ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: "எந்த ஏழை?" எழுதும்போது எவருக்கும் வராத சந்தேகம் அது. உரத்து வாசித்தவருக்குத்தான் வரும்.

உரத்து வாசித்தது தனியாக இல்லை. கீழ்வீட்டு அம்மா ஒருவர் பின்னேரங்களில் மேலே வந்து மரக்கறி வெட்டிக்கொண்டு கேட்பார். அவர் கண் வெங்காயத்தில் இருக்க வேண்டும் என்பது ரீச்சரின் நிபந்தனை. முகத்தைப் பார்த்தால் விளங்காததையும் விளங்கியதாகக் காட்டிவிடுவாராம். முடிந்ததும், "இப்ப நீங்கள் எனக்குச் சொல்லுங்கோ" என்று ரீச்சர் கேட்பார். அந்த அம்மா திருப்பிச் சொன்னதில் எது இல்லையோ அது பேச்சில் ஏறவில்லை என்று பொருள். முதல் முறை அவர் திருப்பிச் சொன்னதில் கார்த்திகேய ஐயர் இல்லை. அதனால்தான் "ஆறுமுகம் இல்லை. கார்த்திகேய ஐயர்" என்ற இரண்டு வசனமும் அப்படித் தனித்தனியாக நிற்கின்றன. ஒருவரை வாசலில் நிறுத்தி மற்றவரை உள்ளே கூப்பிட்டால்தான் இரண்டு பேர் என்று தெரிகிறது.

இரண்டாம் முறை வேறொரு பிழை வந்தது. முழுவதையும் குட்டி வசனமாக்கியிருந்தார். மூன்று சொல், நான்கு சொல், மூன்று சொல். கேட்டு முடித்த அந்த அம்மா, "ஏன் ரீச்சர், ஆரோடையும் கோபமோ?" என்று கேட்டிருக்கிறார். சரியாகத்தான் கேட்டார். குட்டி வசனம் ஒன்றுக்குப் பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தால் அதட்டுவதுபோல இருக்கும், அல்லது தந்தி வாசிப்பதுபோல இருக்கும். காதுக்கு வேண்டியது குட்டி வசனம் மட்டுமில்லை, எங்கே மூச்சு விடலாம் என்று முன்கூட்டியே தெரிவதும்தான். அதன் பிறகு தாள்களில் ஒரு தாளம் தெரிகிறது: இரண்டு மூன்று குட்டி வசனம், பிறகு ஒரு பத்துச் சொல் வசனம். பத்துச் சொல் வசனங்களிலும் செய்பவர் தலைவாசலிலேயே நிற்கிறார். "ஆறுமுகம் அந்தப் பள்ளிக்கூடத்திலேயே படித்தார், அங்கேயே படிப்பித்தார், அங்கேயே பைபிளைத் தமிழாக்க உதவினார்." செய்பவருக்கு முன்னால் எச்சம் ஒன்றுகூட இல்லை. மூன்று முற்று. மூன்றாவதற்கு முன்னால் பேச்சு நின்றுபோனாலும் வசனம் முழுசாகவே இருக்கும்.

நாவலரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். சென்னையில் ஒரு நீதிமன்றத்தில் சாட்சி சொல்லப் போனவரைத் தமிழிலேயே பேசச் சொன்னார்களாம். அதிகாலையில் கடற்கரையில் காற்று வாங்க நடந்ததை அவர் கடுஞ்செந்தமிழில் ஒரே வசனமாகச் சொல்ல, மொழிபெயர்ப்பவர் திகைத்து நின்றாராம். கதை உண்மையென்றால், கேட்பவருக்கு ஏறாத வசனம் எப்படி இருக்கும் என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ரீச்சர் இந்தக் கதையைப் பேச்சில் வைத்திருந்தார், நடு இடத்தில். வைத்த இடம்தான் விசேஷம். காலி வீதியில் பஸ்ஸில் அகப்பட்டுப் பத்து நிமிடம் பிந்தி வருகிறவர்கள் சங்கத்தில் எப்போதும் உண்டு. கதை சொல்லி எல்லோரும் சிரிக்கிற நேரத்தில் அவர்கள் கதிரை தேடி இருந்துவிடுவார்கள். சிரிப்பு அடங்கியதும் தாளில் இரண்டு வசனம்: "இதுவரை வசந்த மண்டபத்துக்குள் இருந்தோம். ஆறுமுகம் பேசியதைக் கேட்டோம். இனி மண்டபத்தை விட்டு வெளியே வருவோம், பள்ளிக்கூடத்துக்குப் போவோம்." இரண்டில்லை, மூன்று. முதல் இரண்டும் பிந்தி வந்தவருக்கு. நேரத்துக்கு வந்தவருக்கு அவை ஒரு மூச்சு. மூன்றாவது எல்லோருக்கும். "முதலாவதாக, இரண்டாவதாக" என்று எண்ணி வழிகாட்டாமல், எழும்பி நடந்து வழிகாட்டியது இது. எண்ணைப் பேச்சாளர் மறந்துவிடுவார். மூன்று விஷயம் என்று சொல்லிவிட்டு நாலாவதைத் தொடங்குகிறவர்களைப் பார்த்து நாங்கள் விரல் மடக்கியிருக்கிறோம். இடத்தை யாரும் மறப்பதில்லை.

இத்தனைக்கும் விலை இருக்கிறது. சமையலறை மணிக்கூட்டைப் பார்த்து ரீச்சர் கணக்கெடுத்தார்: அவருடைய வேகத்தில் நிமிடத்துக்கு எண்பத்தைந்து சொல் போகிறது. கட்டுரை இரண்டாயிரத்து முந்நூறு சொல். வகுத்துப் பார்த்தால் இருபத்தேழு நிமிடம். இரண்டு நிமிடத்தைக் குறைத்தால் போதும் என்றுதான் முதலில் நினைத்தாராம். எழுதி முடித்த பேச்சில் ஏறக்குறைய இரண்டாயிரம் சொல் இருக்கிறது, ஆனால் கட்டுரையின் செய்தியில் பாதிகூட அதில் இல்லை. மீதி இடத்தை வெள்ளிக்கிழமைகளும், திரும்ப வரும் ஆறுமுகமும், நடந்து காட்டும் வழியும் எடுத்துக்கொண்டன. அச்சு இயந்திரம் தேடிச் சென்னைக்குப் போன கதை, நாவலர் உரைநடையில் நிறுத்தக்குறிகளைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தது பற்றிய அருமையான இரண்டு பந்தி, எல்லாம் போய்விட்டன. நிறுத்தக்குறி போனதில் எனக்கு வருத்தம். "தம்பி, அரைப்புள்ளியைப் பற்றி ஒலிவாங்கியில கதைச்சு ஆருக்கு விளங்கும்?" என்றார் ரீச்சர். அவர் பேச்சில் நிறுத்தக்குறி வேறு வடிவத்தில் இருந்தது: ஒரு சாய்கோடு என்றால் மூச்சு, இரண்டு சாய்கோடு என்றால் சபையைப் பார், மூன்று என்றால் தண்ணீர். ஒரு மாலை ஒத்திகையில் கோயில் மணி அடித்தபோது அவர் நிறுத்த வேண்டி வந்தது. அந்த மௌனத்துக்குப் பிறகு வந்த வசனத்தைத்தான் கீழ்வீட்டு அம்மா எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொன்னாராம். அந்த இடத்தில் தாளில் மூன்று சாய்கோடு இருக்கிறது.

இலங்கை வானொலியிலும் லண்டன் பிபிசியிலும் வேலை செய்த சோ. சிவபாதசுந்தரம் "ஒலிபரப்புக் கலை" என்று ஒரு நூலே எழுதினார். பிபிசியின் தமிழ் ஒலிபரப்புக்குத் "தமிழோசை" என்று பெயர் வைத்தவரும் அவர்தான். அந்தப் பெயரில் எழுத்து இல்லை, ஓசைதான் இருக்கிறது. எழுதியதைக் குரலுக்கு மாற்றுவதைத் தொழிலாகச் செய்தவர்கள் எங்கள் ஊரில் இருந்திருக்கிறார்கள். ரீச்சர் வானொலிக்காரர் இல்லை. ஆனால் வானொலி கேட்டு வளர்ந்த தலைமுறை. பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் முப்பது வருடம் நின்றவருக்கு, எந்த வசனத்தில் பின்வாங்கு நித்திரைக்குப் போகும் என்று சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இனி அந்த நாலாவது வெள்ளிக்கிழமை. பேச்சின் கடைசி வசனம் இது:

"பேர்சிவலிடம் படித்து, பேர்சிவலிடமே படிப்பித்து, பாதிரியார் பேசுவதைப் பக்கத்தில் இருந்து கேட்டு, அதைக் கோயிலுக்குக் கொண்டு வந்து, வசந்த மண்டபத்தில், இருபத்தைந்து வயதில், பட்டம் இல்லாமல், ஆறுமுகம் என்ற வெறும் பெயரோடு அவர் எழும்பி நின்ற நாள், அந்த வருடத்தின் கடைசி வெள்ளிக்கிழமை."

முதலில் வெட்டிப்போட்ட வசனம்தான் இது. திரும்பி வந்திருக்கிறது, கிட்டத்தட்ட அதே வரிசையில். அதே எச்சங்கள், செய்தவரைப் பின்னால் தள்ளும் அதே கட்டு. தொடக்கத்தில் காது தாங்காதது இப்போது எப்படித் தாங்குகிறது? இதில் புதிதாக ஒரு துண்டும் இல்லை. பேர்சிவல், மண்டபம், இருபத்தைந்து, பட்டம், ஆறுமுகம் என்று ஒவ்வொன்றையும் கேட்பவர் ஏற்கெனவே தனித்தனியாகக் கையில் வாங்கி வைத்திருக்கிறார். அவற்றை ஏந்தத் தேவையில்லை. அடையாளம் கண்டுகொண்டே வந்தால் போதும். யாரைப் பற்றிய வசனம் என்று முதல் சொல்லிலேயே தெரியும். கடைசிச் சொல்லும் தெரியும். வெள்ளிக்கிழமை என்றுதான் முடியப்போகிறது என்று பாதியிலேயே ஊகித்து, அது வருகிறதா என்று பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். காத்திருப்பு அப்போது சுமையாக இல்லை, சுவையாக இருக்கிறது. அன்று மண்டபத்தின் பின்வரிசையில் இருந்த நான், எனக்கு முன்னால் இருந்த ஒருவரின் உதடு ரீச்சருக்கு அரை நொடி முந்தி "வெள்ளி" என்று அசைந்ததைப் பார்த்தேன்.

அன்று புதன்கிழமை.

கடைசித் தாளில் அந்த வசனத்துக்குக் கீழே மூன்று சாய்கோடு. அதற்குக் கீழே, நடுங்கிய பென்சில் எழுத்தில் தனக்குத்தானே ஒரு கட்டளை: "இனி ஒன்றும் சொல்லாதே. இரு." ரீச்சர் அப்படியே செய்தார். தாளை மடித்தார், தண்ணீர் குடித்தார், போய் இருந்துவிட்டார். சபைக்கு நன்றி சொல்ல மறந்துபோனார். தலைவர் எழும்பி ஒலிவாங்கியைப் பிடித்து, பேச்சு முடிந்ததா என்று கேட்பதுபோல ரீச்சரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அதற்குள் கைதட்டத் தொடங்கிவிட்டார்கள்.